கூந்தலுக்கு மூன்று மில்லிசெகண்ட்

யுபிஎஸ் அலறியது.

விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. திரையில் திருவிழாக் கூட்டம் அப்போதுதான் கேமராவுக்குள் வந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டின் விசிறி, மேடேறும் கரும்பு லாரி போல இரைந்தது. அடுத்த நொடி அந்தப் பெரிய கம்ப்யூட்டர் அணைந்தது. அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஃபேனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"கரண்ட் போகல. லோடு ஜாஸ்தி. கார்டு இழுக்கிற வாட்ட யுபிஎஸ்ஸால குடுக்க முடியல" என்றாள் பிரின்சி, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி.

"கூட்டத்தக் காட்டுனாலே கத்துது. பந்தோபஸ்துக்கு ஸ்டேஷன்ல சொல்லி வெச்சிடலாமா?" என்றான் தமிழழகன். அந்தக் கூட்டத்தை நடக்கவும் கைதட்டவும் வைத்தவன் அவன்தான்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில், டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த கேம் ஸ்டூடியோ. மூன்று பேர். கல்வராயன் மலைத் திருவிழா ஒன்றில் தொடங்கும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். முடி, துணி, காற்றில் அசைவது, இடித்தால் விலகுவது, எல்லாம் பிரின்சியின் பொறுப்பு. எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள்.

படி ஏறி வந்த இளஞ்செழியனுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டூடியோவைத் தொடங்கியவர் அவர்.

"அந்த சென்னைம்மா அடுத்த வாரம் வரல. நாளைக்கே வர்றாங்க" என்றார்.



எழில்மதி என்ற அந்தப் பெண், விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து வருகிறாள். விளையாட்டை எடுப்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதோடு இன்னொன்றையும் போனில் சொல்லியிருந்தாள். முடியும் துணியும் செய்யத் தெரிந்த ஆள் அவர்களுக்கு சென்னையில் ஒருவர் வேண்டும். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வாள். அந்த இடம் பிரின்சிக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு வேண்டும். இந்த மாடியில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும், தான் என்ன செய்கிறோம் என்பது வீட்டில்கூட யாருக்கும் புரியப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அவங்க லேப்டாப் இன்னா மாடல்ணா?"

"நம்ம அழகன் வெச்சிருக்கிறதுதான். நொடிக்கு அறுபது படம் வரணும்னு சொன்னாங்க. கம்மியானா பாக்கவே மாட்டாங்களாம்."

பிரின்சி தமிழழகனின் லேப்டாப்பை இழுத்து முன்னால் வைத்தாள். நொடிக்கு அறுபது என்றால் ஒரு படத்தை வரைந்து முடிக்கப் பதினாறரை மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். திருவிழாக் காட்சி ஓடியது. ஒரு படத்துக்கு முப்பத்தொன்று. அதாவது பாதி வேகம்.

"ஜிபியு ஃபிசிக்ஸ்னு ஒண்ணு இருக்குதே, அசைவுக் கணக்கையும் கார்டே போடுறது. அதப் போட்டா பறக்கும்னு சொன்ன?"

"போட்டுத்தான் இருக்குதுண்ணா. அதான் வெனையே."

"புரியல."

"கரும்பு வெட்டுற ஆளையே லோடும் ஏத்தச் சொல்றீங்க. படம் வரையறதும் அந்தக் கார்டுதான், சேல முந்தானை எப்படி ஆடும்னு கணக்குப் போடுறதும் அந்தக் கார்டுதான். ரெண்டு பேரு நிக்கிற சீன்ல அதுக்கு வேல கம்மி, ரெண்டையும் பாக்கும். நாப்பது பேரு வந்தா வரையறதுக்கே நேரம் பத்தல. இந்தப் பக்கம் கம்ப்யூட்டரோட மெயின் மூளை, சிபியு, வரப்புல உக்காந்து பீடி புடிச்சிக்கினு இருக்குது."

தமிழழகன் சிரித்தான். இளஞ்செழியன் சிரிக்கவில்லை.

"சரி. அவன எழுப்பி வுடு."

எழுப்பினாள். துணிக் கணக்கை சிபியுவுக்கு மாற்றினாள். ஆனால் நாற்பது பேரின் சேலையையும் வேட்டியையும் சிபியுவாலும் தாங்க முடியாது. அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆறு பேருக்கு மட்டும் துணி உண்மையாகவே அசைந்தது. மற்றவர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பதிந்து வைத்த அசைவு திரும்பத் திரும்ப ஓடியது. பின்வரிசைக்காரன் வேட்டி உண்மையில் காற்றுக்கு ஆடுகிறதா, பதிவுக்கு ஆடுகிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

முடியிலும் அதே கதைதான். இதுவரை எல்லாத் தலையிலும் இழை இழையாக முடி இருந்தது. கூட்டத்துக்கு அதை எடுத்தாள். ஆண்களுக்குத் தட்டையான பட்டைகளில் வரைந்த கிராப்பு. பெண்களுக்கெல்லாம் பூ வைத்த கொண்டை. கொண்டை ஒரே உருண்டை, அசைய வேண்டியதில்லை, ஆகவே செலவும் இல்லை.

ஒரே ஒரு தலையை மட்டும் விட்டு வைத்தாள். கூட்டத்தின் நடுவே சாமியாடும் பெண். அது அம்சவள்ளி.

அம்சவள்ளி மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கிற சிற்றூர்க்காரி. சாமை விதைக்கிறவள். மழைக்கு முன்பு இளஞ்செழியன் அவளைப் பேசி அழைத்து வந்திருந்தார். உடம்பெல்லாம் சென்சார் பட்டைகளைக் கட்டி, அவள் ஆடுவதைப் பதிவுசெய்ய வேண்டும். பட்டைகளைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "ஷாக்கு கீக்கு அடிக்காதே?"

இரண்டாவது விஷயம் தலைமுடி. பிரின்சி கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொள்ளச் சொன்னாள். அம்சவள்ளி மறுத்துவிட்டாள்.

"எங்க வூட்டுல நாம அவுக்கக் கூடாது பாப்பா. சாமி வந்தா அதுவா அவுறும். அவுறலன்னா சாமி வரலன்னு அர்த்தம். நாமளா அவுத்துக்கினு ஆடுனா அது வேஷம்."

சும்மா ஆடிக் காட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் வைத்தான் தமிழழகன். கொஞ்ச நேரம் சாதாரணமாகத்தான் ஆடினாள். பிறகு கண் மாறியது. தலைப் பட்டை நழுவியது. கொண்டை குலைந்து, முழங்கால் தொடும் முடி விரிந்து சுழன்று, பிரின்சியின் முகத்தில் காற்றடித்தது. மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வீட்டில் வளர்ந்தவள் பிரின்சி. போனில் வீடியோ எடுத்துக்கொண்டே அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

தண்ணீர் தெளித்து உட்கார வைத்த பிறகு அம்சவள்ளி கேட்டாள், "எல்லாம் ஒழுங்கா வந்துச்சா பாப்பா? பம்பை அடிச்சதுதான் தெரியும். அப்பால ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"வந்துச்சுக்கா. ரெடியானதும் உங்களக் கூப்புட்டுக் காட்றேன்."

சென்சார்கள் உடம்பைத்தான் பதிவு செய்யும், முடியைச் செய்யாது. முடியை பிரின்சிதான் செய்தாள், அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து. முப்பதாயிரம் இழைகள். அத்தனைக்கும் கணக்குப் போட்டால் எந்தக் கார்டும் படுத்துவிடும். ஆகவே இருநூறு வழிகாட்டி இழைகளுக்கு மட்டும் கணக்கு. மற்றவை பக்கத்து வழிகாட்டியைப் பார்த்து வளையும். விறைப்பு கூடினால் ஈர்க்குச்சி, குறைந்தால் கஞ்சி. வேகமாகச் சுழலும்போது தோளுக்குள் முடி புகுந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு படத்துக்கும் நாலு முறை கணக்கு. கொண்டை குலையும் அந்த ஒரு கணத்துக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தாள். கேமராவுக்கு அவ்வளவு நெருக்கத்தில் அந்த முடிக்கு ஆன செலவு மூன்று மில்லிசெகண்ட்.

மதியம் மறுபடி ஓட்டினாள். பதினைந்து மில்லிசெகண்ட்.

"வந்துச்சு" என்றான் தமிழழகன். "புள்ள கெட்டிக்காரி."

அப்போதுதான் இளஞ்செழியன் தொண்டையைச் செருமினார். "குதிரையச் சேத்துட்டியா?"

கட்டடம் சுப்புராயனுடையது. கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைப் பாசனத்தில் பெரிய கரும்புக்காரர். மாடியைச் சும்மா கொடுத்திருக்கிறார். பதிலுக்கு விளையாட்டின் கதாநாயகனுக்கு அவர் மகன் அஜித்தின் முகம். அந்தக் கதாநாயகன் திருவிழாவுக்குள் குதிரையில் வர வேண்டும் என்பது சுப்புராயனின் ஆசை.

சேர்த்துப் பார்த்தாள். பதினெட்டு. குதிரையின் பிடரியும் வாலும் மூன்றைத் தின்றன.

"ஏதாவது ஒண்ணுதான் தாங்கும்ணா."

"ரெண்டும் வேணும் பிரின்சி. ஏதாவது பண்ணு. உன்னாலதான் முடியும்."

கடைசி வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்தாள். குதிரையின் பிடரியைப் பட்டைகளாக மாற்றினாள். வாலுக்குள் நாலைந்து எலும்புகளைக் கோத்து, ஸ்பிரிங் போல ஆட விட்டாள். இழை கிடையாது. பார்த்தால் வால் மாதிரி இருந்தது, ஆடவும் ஆடியது, செலவு கால் மில்லிசெகண்ட்கூட இல்லை. குதிரையும் வந்தது, முடியும் விரிந்தது. பதினைந்தரைக்குள் எல்லாம் அடங்கியது.

அவளுக்கு அழுகை வருவது போல இருந்தது. மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே போன் அம்சவள்ளியின் பக்கத்து வீட்டுக்காரனுடையது. அதற்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில வாங்க. ரெடியாயிடுச்சு. உங்க முடி அவுறுது பாருங்க, அப்படியே நீங்கதான்."

"மெய்யாவா பாப்பா? மொத பஸ்ஸுக்கே வந்துர்றேன்."

சாயங்காலம் சுப்புராயன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி. நின்றபடியே பார்த்தார். கதாநாயகன் குதிரையில் வந்தான், கூட்டம் விலகியது, நடுவே கொண்டை குலைந்து அம்சவள்ளி சுழன்றாள்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டாள்.

"இந்தப் பொம்பள யாரு?"

"மலையில இருந்து வந்து ஆடுனாங்கய்யா" என்றார் இளஞ்செழியன்.

"எம்புள்ள குதிரையில வர்றான். நானே அவனப் பாக்கல, இவளத்தான் பாத்துக்கினு இருக்கேன். ரெண்டாவது வாட்டியும் அதான். மயிர விரிச்சிப்போட்டுக்கினு நடுவுல இவ இன்னாத்துக்கு?" திரும்பி வாலைக் காட்டினார். "இது இன்னா, பொம்மக் குதிர வாலு மாதிரி கீது? அவளுக்கு மட்டும் ஒவ்வொண்ணா மயிரு தெரியுது, குதிரைக்குத் தெரியல?"

"கார்டுல எடம் இல்லீங்கய்யா" என்றாள் பிரின்சி.

"அவளுக்கு இருக்குதுல்ல?"

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை இளஞ்செழியன் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாத்திடு. அவளுக்குக் கொண்டை, குதிரைக்கு முடி."

"அண்ணா, சாமியாடுறவ கொண்டையோட நின்னா அசிங்கமா இருக்கும். யாராவது ஒத்துப்பாங்களா?"

"சிக்கனம்னு வெச்சுக்க."

"சிக்கனம் இல்லண்ணா இது. ரெண்டும் அடங்கிடுச்சு. உங்க கண்ணு முன்னாடிதான் ஓட்டுனேன்."

"மாடிய காலி பண்ணச் சொன்னா நாளைக்கு அந்தம்மாவ எங்க உக்கார வெக்கிறது? டீக்கடையிலயா? உனக்கு சென்னை வேணுமா வேணாமா?"

தமிழழகன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

மாற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சாமியாடும் பெண்ணின் முடித் தரத்தை 'குறைவு' என்று வைத்ததும், இழைகள் போய் மற்றப் பெண்களின் பூ வைத்த கொண்டை அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. உடம்பு பழையபடியே சுழன்றது. கழுத்து வெட்டி வெட்டி ஆடியது. கொண்டை மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல அசையாமல் இருந்தது.

மிச்சமான மூன்று மில்லிசெகண்டை வாலுக்குக் கொடுக்க வேண்டும். புதிதாகக் கணக்குகளைத் தேட அவகாசம் இல்லை. அம்சவள்ளியின் முடிக்கு வைத்திருந்த அத்தனை எண்களையும் எடுத்து வாலில் ஒட்டினாள். விறைப்பை மட்டும் கொஞ்சம் கூட்டினாள். குதிரை தலையைச் சிலுப்பியது, வால் விசிறியது. பிரமாதமாக இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

மலைக்கு மறுபடி போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பஸ் ஏறும்வரை போட்டாள். அதே குரல்தான்.

மறுநாள் காலை எழில்மதி வந்து சேர்வதற்கு முன்பே அம்சவள்ளி வந்துவிட்டாள். புதுச் சேலை. எண்ணெய் வைத்து வாரிக் கொண்டை போட்டிருந்தாள். ஒரு பையில் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றாள்.

"யாரு இவங்கள வரச் சொன்னது?" என்று இளஞ்செழியன் பல்லைக் கடித்தார்.

"நான்தான்."

"சரி, அந்தாண்ட நிக்கட்டும்."

எழில்மதி முப்பத்தைந்து வயதுக்காரி. பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் லேப்டாப்பிலேயே ஓட்டச் சொன்னாள். சுப்புராயன் பின்னால் நின்றார். கதவோரம் அம்சவள்ளி நின்றாள்.

காட்சி ஓடியது. மூலையில் எண் பதினைந்தில் நின்றது, ஏறவே இல்லை.

"நாற்பது பேர் இருக்காங்க, பதினைஞ்சா?" எழில்மதி முன்னால் சாய்ந்தாள். "ஜிபியு ஃபிசிக்ஸ் ஆஃப்ல வச்சிருக்கீங்க."

"ஆமா மேடம். கூட்டம் வந்தா கார்டுக்கு வரையறதே பெரும்பாடு. துணி சிபியுல. கிட்ட இருக்கிற ஆறு பேருக்குத்தான் லைவ், மத்ததெல்லாம் பதிவு."

"நிறையப் பேர் அதை ஆன் பண்ணிட்டு, ஏன் ஓடலன்னு எங்ககிட்ட வந்து கேப்பாங்க." எழில்மதி நிமிர்ந்து பார்த்தாள். "இந்த வால் யார் பண்ணது?"

"நான்தான் மேடம்."

"குதிரை வால்ல இவ்வளவு உயிர் நான் பார்த்ததில்ல. முடி மாதிரியே இருக்கு. மனுஷ முடி மாதிரி."

சுப்புராயன் பெருமையாக இளஞ்செழியனைப் பார்த்தார்.

எழில்மதி காட்சியைப் பின்னுக்கு நகர்த்தினாள். நிறுத்தினாள். விரலைத் திரையில் வைத்தாள்.

"நடுவுல ஒருத்தி சாமியாடுறா. சாமியாடுறவ எதுக்குப் பூ வச்சுக் கொண்டை போட்டிருக்கா? சமாளிக்க முடியாம முடியை எடுத்துட்டீங்களா?"

சுப்புராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் தன்னிடம்தான் எதிர்பார்க்கப்படுகிறது என்று பிரின்சிக்குத் தெரிந்தது. ஆமாம் என்றால், நாற்பது தலைக்கு நடுவே ஒரு தலையைக்கூடத் தாங்க வைக்கத் தெரியாதவள். இல்லை என்றால், பின்னால் நிற்கிறவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

"இல்ல மேடம். ஆடுனவங்கள வீடியோ எடுத்துதான் பண்ணோம். அதுல எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சேன்."

எழில்மதி தலையாட்டினாள். "ஆடினவங்களே சரியா ஆடலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? பரவாயில்ல, அப்புறம் மாத்திக்கலாம். இந்த மாசக் கடைசியில உங்களால சென்னைக்கு வர முடியுமா?"

"முடியும் மேடம்."

கதவோரத்திலிருந்து அம்சவள்ளி இரண்டு அடி முன்னால் வந்திருந்தாள். திரையில் நின்றுபோயிருந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகப் பின்னால் போய்த் தன் கொண்டையைத் தொட்டது. பலாச்சுளைப் பை காலடியில் சாய்ந்து கிடந்தது.

"பாப்பா" என்றாள் மிக மெதுவாக. "அன்னிக்கு சாமி வந்துச்சுன்னுதான நெனச்சேன். ஊருல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். போன்லயும் அவுறுதுன்னு சொன்னியே?"

எழில்மதி திரும்பிப் பார்த்தாள். சுப்புராயனும் பார்த்தார். பிரின்சியின் போன், அந்த வீடியோவோடு, கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்கக்கா. அன்னிக்கு உங்க முடி அவுறவே இல்ல."